பதினைந்து நிமிடமும் நான்கு தாளும்

பஜ்ஜி மடித்து வந்த பேப்பரைக்கூட எண்ணெய்க் கறையைத் தாண்டிப் படித்து முடித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவேன். அப்படிப்பட்ட என்னைப் போய் கடிகாரம் பார்க்க உட்கார வைத்தாள் தங்கை மகள். கள்ளக்குறிச்சியில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்து வேலைக்காக ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறாள்.

அதில் ரீடிங்கின் முதல் பகுதி என் போன்றவர்களுக்கென்றே வைத்த தண்டனை. ஒரே பிரச்சினையைப் பற்றி நான்கு சிறு தாள்கள், 20 கேள்விகள், 15 நிமிடம். நேரம் முடிந்தால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது.

அன்றைய பயிற்சித் தாள் பாம்புக்கடி. கல்வராயன் மலைப்பக்கத்துக் கேஸ்களைப் பார்த்தவளுக்கு விஷயம் அத்துப்படி. ஆனாலும் தெரிந்ததை எழுதக் கூடாது, தாளில் உள்ள சொல்லைத்தான் எழுத வேண்டும்.

முதல் ஏழு கேள்விகள், எந்தத் தகவல் எந்தத் தாளில் என்று மட்டும் கேட்கும். இதற்கு ஸ்கிம்மிங். தலைப்பு, கட்டம், துணைத் தலைப்பு என்று கண்ணை ஓட்டினாள்: ஒன்று முதலுதவி, ஒன்று அறிகுறிகள், ஒன்று விஷமுறிவு மருந்து அளவு, ஒன்று கண்காணிப்பு. இரண்டு நிமிடத்தில் நான்கும் மனதில் பதிந்துவிட்டன.

மீதி 13 கேள்விகளுக்கு ஸ்கேனிங். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் தேடுகிறவர் எல்லா போர்டையும் வாசிப்பதில்லை, ‘வெ’ கண்ணில் பட்டால் போதும். அதே மாதிரிதான். ஆனால் கேள்வியில் உள்ள சொல்லையே தேடினால் ஏமாற்றம்தான். தாளில் அது வேறு சொல்லாக உடை மாற்றி நிற்கும். மாறாதவை எண்களும் மருந்துப் பெயர்களும்தான்.

ரத்தம் உறைகிறதா என்று பார்க்க எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. கண்காணிப்புத் தாளுக்கு நேரே போய் 20 என்று எழுதினாள். அடுத்தது, குழந்தைக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு? மருந்துத் தாளில் பெரியவர்களுக்கு 8 முதல் 10 குப்பி என்று இருந்தது. குழந்தைதானே என்று பாதியாக்கத் தோன்றும். அவள் எண்ணோடு நிற்காமல் அடுத்த வரியையும் படித்தாள்: குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே!

“எண் கிடைச்சதும் அந்த வாக்கியத்தை மட்டும் முழுசாப் படிக்கணும் மாமா. இல்லாட்டி பக்கத்து எண்ணை எழுதிடுவோம்” என்றாள். ஸ்கேனிங்கும் கடைசியில் ஒரு வரியை ஒழுங்காகப் படிப்பதில்தான் முடிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் குரூர திருப்தி.

மீதிப் பகுதிகளுக்குச் சேர்த்து 45 நிமிடம். கடைசியில் இரண்டு நீண்ட கட்டுரைகள் வரும். எழுதியவர் என்ன நினைக்கிறார், எதைச் சந்தேகிக்கிறார் என்று கேட்பார்கள். சந்தேகத்துக்கு எண்ணும் இல்லை, பெரிய எழுத்தும் இல்லை. கண்ணை ஓட்டிப் பிடிக்க முடியாது. உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் பஜ்ஜிப் பேப்பர்காரனிடம் பாடம் கேட்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.