எதைச் சோதனை சொல்லும், எதைச் சொல்லாது

கலப்படம் பற்றிப் புதுச்சேரி வானொலிக்கு உரை எழுத உட்கார்ந்தால், கேட்பவர் யார் என்பதை முதலில் யோசிப்பேன். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் பால் வாங்குபவர் மட்டுமல்ல, விடியற்காலையில் சங்கத்துக்குப் பால் ஊற்றுபவரும் கேட்கிறார். அரைகுறையாகச் சொன்னால் அவர் மேல் வீண் பழி விழும்.

அதனால் லாக்டோமீட்டரைப் பொறுமையாக விளக்குவேன். நல்ல பசும்பால் 30 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது டம்ளர் பாலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்தால் 27-க்கு இறங்கிவிடும். ஆனால் கறந்த சூட்டோடு அளந்தாலும் எண் இறங்கும். 27 டிகிரிக்கென்று செய்த கருவியை 37 டிகிரிப் பாலில் மிதக்கவிட்டால் சுமார் 2 குறைத்துக் காட்டும். நுரை அடங்கும் வரை காத்திருக்காவிட்டால் இன்னும் தப்பாகும். இதற்கு நேர்மாறும் உண்டு. கொழுப்பை எடுத்தால் எண் ஏறும். ஏறிய அளவுக்குத் தண்ணீர் விட்டால் பழைய 30-க்கே வந்து நிற்கும். கொழுப்பையும் அளக்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

மாவு கலந்ததைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. வீட்டு அளவில் சொல்லிவிடலாம். அரைக் கரண்டிப் பாலோடு ஒரு கரண்டித் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறியதும் மருந்துக் கடையில் கிடைக்கும் டிஞ்சர் அயோடினில் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். நீலமானால் மாவு இருக்கிறது. 'ஆறியதும்' என்பதை இரண்டு தடவை சொல்வேன். சூட்டில் அந்த நீலம் தெரியாது.

தேன்தான் கஷ்டம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்கும், திரியில் தோய்த்தால் எரியும் என்றே எல்லோரும் சொல்கிறோம். இரண்டும் ஈரப்பதத்தைத்தான் காட்டுகின்றன. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படியே அடியில் இறங்கும். 2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது. ஜெர்மனி ஆய்வகத்தின் காந்த அதிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை. அவற்றில் சில இந்தியச் சோதனைகளில் தேறியவை. ஆய்வகமே திணறும் இடத்தில் டம்ளர் தண்ணீர் என்ன செய்யும்? உடனே கரைந்தால் சந்தேகப்படுங்கள், கரையாததால் மட்டும் நம்பிவிடாதீர்கள் என்கிறேன். உறைந்த தேனைக் கலப்படம் என்று தூக்கி எறிய வேண்டாம். சுத்தமான தேனும் உறையும்.

மாம்பழத்தில் ஒரே சீரான மஞ்சளைக் குற்றமாக்க மாட்டேன். சட்டம் அனுமதிக்கும் எத்திலீன் வாயுவில் பழுத்ததும் அப்படித்தான் இருக்கும். தடை செய்யப்பட்டது கார்பைடு கல். கூடையின் அடியில் காகிதப் பொட்டலம், சாம்பல் நிறத் தூள், பூண்டு போன்ற வாடை ஆகியவற்றைப் பாருங்கள். இவை இருந்தால் பழத்தை வாங்காமல், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.