வராத நாளின் தேதி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து மீனாட்சிபுரம் வரை, காலை ஐந்து மணிக்கே ரோட்டில் கேன்கள் ஓட ஆரம்பித்துவிடும். கேரளத்தில் பால் அதிகம் கறக்கும் பகுதிகளில் இந்தச் சித்தூர் வட்டாரமும் ஒன்று. மாட்டுக்காரர் சங்கத்தில் பால் ஊற்றினால் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., விலை, தொகை எல்லாம் போட்டுச் சீட்டு வந்துவிடுகிறது. அதே ஊரில் வீட்டுக்கு வீடு பால் ஊற்றுகிறவரின் மாதச் சீட்டிலோ ஒற்றை வரிதான் இருக்கும். நான் பார்த்த ஒரு சீட்டு இது: ‘பால் பாக்கி 1050. உடனே கட்டவும்.’

அந்தச் சீட்டை எழுதியவரோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் வரிசையைச் சுற்றி வந்தேன். ஏழெட்டுத் தொழுவங்களில் பால் எடுத்து, கொழிஞ்சாம்பாறைக்குள் அரை லிட்டரும் ஒரு லிட்டருமாக ஊற்றுகிறார். மாதம் பிறந்தால் அவருக்குப் பாலைவிடக் கணக்குதான் பாரம். “ஏமாத்தோணும்னு யாரும் நெனைக்கறதில்லீங்க. ஆனா மாசக் கடைசியில எல்லா வீட்லயும் ஒரு நாள் ரெண்டு நாள் இடிக்குது” என்றார்.

எங்கே இடிக்கிறது என்று அவர் நோட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு வரி, தேதிக்கு ஒரு கட்டம். ஊற்றினால் கோடு, ஊற்றாவிட்டால் சுழி, கூடுதலாக ஊற்றினால் அளவு. முறை நல்ல முறைதான். ஆனால் கட்டங்களை நிரப்புவது வாசலில் அல்ல, பத்து மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்ட பிறகு. அதற்குள் எந்த வீட்டில் ‘நாளைக்கு வேண்டாம்’ என்றார்கள், எந்த வீட்டில் ‘இன்னொரு அரை ஊத்துங்க’ என்றார்கள் என்பது கலந்துவிடுகிறது. கோடு விடுபட்டால் அவருக்கு நஷ்டம், சுழி விடுபட்டால் வீட்டோடு சண்டை. கேட்டால், மழையிலும் ஈரக்கையிலும் பால்பாயிண்ட் பேனா எழுதாது என்கிறார். பென்சில் எழுதும். ஒரு பென்சிலை நூலில் கட்டி நோட்டோடு தொங்கவிட்டதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி சீட்டில் இருந்தது. அந்த 1050 ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதம், தினமும் காலை அரை லிட்டர், லிட்டர் 60 ரூபாய். வீட்டு அம்மா சமையலறை கேலண்டரில் பால் வராத நாளைப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். அவர் கணக்கில் நான்கு நாள் பால் வரவில்லை. பால்காரர் நோட்டில் சுழி மூன்றுதான். சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருந்ததால், இருவரும் முப்பது ரூபாய்க்கு வாசலில் நின்று பேசினார்களே தவிர, எந்த நாளைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை.

சீட்டை இப்படி மாற்றி எழுதினோம்:

ஆகஸ்ட் மாதப் பால் கணக்கு
தினம் அரை லிட்டர், 30 ரூபாய்
பால் ஊற்றாத நாள்: 9, 10, 11 (நீங்கள் வேண்டாம் என்று சொன்னது)
ஊற்றிய நாள்: 28 × 30 = 840
கூடுதல்: 15ஆம் தேதி 1 லிட்டர் = 60
போன மாத பாக்கி: 150
மொத்தம்: 1050 ரூபாய்
5ஆம் தேதிக்குள் கொடுத்தால் மாட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுக்க வசதியாக இருக்கும்.

தொகை அதேதான். ஆனால் சீட்டைப் பார்த்த அம்மா கேலண்டரைத் திருப்பி, “ஒம்பது, பத்து, பதினொண்ணு பழனிக்குப் போனோம், சரி. இருவத்திரண்டு எங்கே?” என்று கேட்டார். இப்போது கேள்வி ஒரு தேதிக்குச் சுருங்கிவிட்டது. அன்று வண்டி பஞ்சராகி ஒன்பது மணிக்குத்தான் வந்தார். அம்மா அதற்குள் கடையில் பாக்கெட் வாங்கிக் காப்பி போட்டு, கேலண்டரில் குறியும் போட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். பிறகு வந்த பாலை வாங்கி வைத்தவர் மாமியார். “நாந்தாங் கண்ணு வாங்கினேன், சாயங்காலம் உறை ஊத்தினமே” என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் கணக்கு தீர்ந்தது.

ஊற்றிய நாளை எண்ணாக எழுதினால் போதும், ஊற்றாத நாளைத் தேதியாகத்தான் எழுத வேண்டும். பால் வந்த நாள் யார் நினைவிலும் நிற்பதில்லை. வராத நாளுக்கு ஒரு காரணம் இருக்கும், காரணத்தோடு தேதியும் நினைவில் இருக்கும்.

இங்கே தகராறுக்கென்றே இன்னொரு நாள் உண்டு, ஹர்த்தால். கேரளத்தில் ஹர்த்தால் அறிவிக்கும்போது பாலுக்கும் பத்திரிகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் விலக்கு என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். அதனால் கடை அடைத்த நாளிலும் பால் வந்திருக்கும். மாதக் கடைசியில் யோசிக்கிறபோது ‘அன்னைக்குத்தான் எல்லாமே அடைப்பாச்சே’ என்றுதான் தோன்றும். அப்படி ஒரு நாள் இருந்தால் ‘ஹர்த்தால் அன்று பால் உண்டு’ என்று சீட்டில் ஒரு வரி போட்டுவிடுவது நல்லது. விலை மாறினாலும் அப்படித்தான். 2022 டிசம்பர் 1 அன்று மில்மா லிட்டருக்கு 6 ரூபாய் ஏற்றியது. மாத முதல் தேதி என்பதால் அதைக் கணக்கில் ஏற்றுவது சுலபம். வெளியில் ஊற்றுகிறவர் மாத நடுவில் விலை ஏற்றினால், பழைய விலையில் எத்தனை நாள், புது விலையில் எத்தனை நாள் என்று இரண்டு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். சராசரி போட்டு ஒரே வரியாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

இடுக்கிப் பக்கம், குமுளியிலும் வண்டிப்பெரியாறிலும் தமிழ்ப் பத்திரிகை போடுகிறவர்களின் சீட்டுக்கு நியாயம் வேறு. பால் வேண்டாம் என்று முதல் நாள் சொன்னால் போதும், அதை டீக்கடைக்கு ஊற்றிவிடலாம். நேற்றைய பத்திரிகையை எடைக்குத்தான் போட முடியும். ஏஜெண்ட் கட்டு எடுத்தால் பணம் கட்டியாக வேண்டும். ஆகவே சொல்லாமல் ஊருக்குப் போன நாளைக் கழிக்க முடியாது, பத்திரிகையே வெளிவராத நாளைக் கழித்தே ஆக வேண்டும். பல பத்திரிகைகளுக்கு ஞாயிறு விலை தனி என்பதால் ஐந்து ஞாயிறு வருகிற மாதத்தில் தொகை கூடும். சீட்டில் ‘ஞாயிறு 5’ என்று தனியே காட்டாவிட்டால், போன மாதச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

எந்த மொழியில் எழுதுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை இருந்தது. எல்லையோர வீடுகளில் தமிழ் பேசுவார்கள். பெரியவர்கள் தமிழ் படிப்பார்கள். பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள், பணம் அனுப்புவதும் அவர்கள்தான். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதிப் பதில் பெற வழி செய்திருக்கிறது. பால் சீட்டுக்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பக்கம் தமிழ், பின்பக்கம் பால்காரர் மகன் எழுதிய மலையாளம், எண்கள் இரண்டிலும் ஒன்றே.

கூகுள் பே வந்தபின் புதிதாக ஒரு குழப்பம். பெங்களூரில் இருக்கிற மகன் பணம் அனுப்புவான், மகன் பெயர் பால்காரருக்குத் தெரியாது. 840 ரூபாய் யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். தினம் அரை லிட்டர் வாங்குகிற வீடுகளில் ஒரே தொகை நாலு வீட்டுக்கு வரும். ‘அனுப்பும்போது வீட்டுப் பெயரை எழுதவும்’ என்ற வரி கடைசியாகச் சேர்ந்தது.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பால் வேண்டாமென்றால் முதல் நாளே சொல்லுங்கள், சொன்னதைக் கேலண்டரில் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிற சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் முதல் ஊற்றாத நாளின் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.