காப்பாரில் இரண்டு கைப்பேசிகள்

ஞாயிறு மாலை, காப்பாரில் அக்கா வீடு. மேசையில் இரண்டு கைப்பேசிகள், ஒரே வைஃபை. அக்கா மகனின் எக்ஸ் டிரெண்டிங் பட்டியலில் முதலில் நிற்பது ஒரு தமிழ்ப்பட நாயகனின் டேக். என்னுடையதில் காற்பந்து, ஒரு மலாய் நாடகம், ஓர் அமைச்சர். "மாமா, உங்களுக்கு இது வரலையா? ஊரே இதைத்தான் பேசுது" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பின்தொடர்வோரில் பெரும்பாலானவர்கள் ரசிகர்கள். 2012 முதல், ட்விட்டர் என்ற பெயரில் இருந்தபோதே, எக்ஸ் இந்தப் பட்டியலை ஆளுக்கேற்பத் தைத்துக் கொடுக்கிறது: யாரைப் பின்தொடர்கிறோம், எதில் ஆர்வம், எங்கே இருக்கிறோம் என்று பார்த்து. `Explore settings`-இல் `Trends for you` என்பதை அணைத்து, இருவரும் கோலாலம்பூரைத் தேர்ந்தோம். பட்டியல்கள் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. நாயகனைக் காணோம். பையனின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

*

பலர் நினைப்பதுபோல் அதிகம் பேசப்படுவது மேலே வருவதில்லை. திடீரென ஏறுவதுதான் வரும். மணிக்கு 20,000 பதிவு வழக்கமாக வரும் ஒரு பெயர் இன்றும் 20,000-இல் நின்றால் அது கணக்கில் அசையவே இல்லை. மணிக்கு 10 பதிவு வரும் சொல் 1,000-க்குத் தாவினால் அதைத் தூக்கிக் காட்டும். (எண்கள் என் உதாரணம், சரியான சூத்திரத்தை நிறுவனம் வெளியிடுவதில்லை.)

2019 மே மாத இறுதியில் நேசமணி எழுந்தது இப்படித்தான். ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். ஒரு தமிழர், இது காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று எழுதினார். நேசமணி என்பது 2001-இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம். #Pray_for_Neasamani அதுவரை உலகில் இல்லாத சொல். பூஜ்யத்திலிருந்து ஏறியதால் ஏற்றம் செங்குத்து. இந்தியாவில் பிரதமர் பதவியேற்கும் நேரத்திலும் அது பட்டியலில் நின்றது.

ரசிகர்கள் இந்த விதியை அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். டேக்கை முன்னதாக வெளியே விடமாட்டார்கள். இந்திய நேரம் மாலை 6 மணி என்று குறித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து இறங்குவார்கள். நமக்கு அது இரவு எட்டரை. யாராவது அவசரப்பட்டு மதியமே எழுதத் தொடங்கினால் ஏற்றம் சாய்வாகிப்போகும், டேக் வீண். அக்கா மகன் இதை எனக்குப் பாடமே எடுத்தான்.

*

இதன் மறுபக்கம் நியூயார்க். 2011 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் தொடங்கியது. அதன் டேக் வேறு நகரங்களின் பட்டியலில் ஏறியது, போராட்டம் நடந்த நியூயார்க்கில் ஏறவில்லை. மறைக்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். தரவு ஆய்வாளர் கிலாட் லோட்டன் தரவைப் பிரித்துப் பார்த்தார். அங்கே பேச்சு நாள்தோறும் நிதானமாகக் கூடிக்கொண்டே போயிருந்தது, திடீர் தாவல் இல்லை. வெளியூருக்கு அது புதுச் செய்தி, உள்ளூருக்கு அன்றாடம். எங்கே வலி அதிகமோ அங்கே பட்டியல் மௌனமாக இருக்கக்கூடும் என்பதை அன்றிலிருந்து நான் மறக்கவில்லை.

*

ஊர்களின் பட்டியல். எக்ஸ் தன் கணக்குக்கு வைத்திருக்கும் மலேசிய இடங்களாக நான் பார்த்தவை: நாடு முழுமைக்கும் ஒன்று, பிறகு கோலாலம்பூர், கிள்ளான், பெட்டாலிங், காஜாங், உலு லங்காட், ஈப்போ, ஜொகூர் பாரு. தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும். மதுரை, கோவைக்கே இடமில்லை என்னும்போது காப்பார் எங்கே வரும்? எங்கள் பேச்சு கிள்ளானில் கரைகிறது, கிள்ளான் நாட்டில் கரைகிறது. நாட்டில் இந்தியர்கள் 100-க்கு 7 பேர் அளவில்தான். நாங்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒன்றையே எழுதினாலும் அதைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும், மலாயிலும் எழுதுவோம். எண்ணிக்கை அங்கேயே சிதறிவிடும்.

*

2021 டிசம்பர் 18, பெருவெள்ளம். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா பெயர் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. இருக்கவும் வேண்டும், அங்கே கூரை மேல் ஏறி நின்றார்கள். மேரு, காப்பார் பக்கமும் தண்ணீர் ஏறியது. எங்கள் வட்டாரத்துச் செய்தி ஓடியது வாட்ஸ்அப்பில், பெரும்பாலும் குரல் பதிவாக: யார் வீட்டில் படகு வேண்டும், எந்தக் கோயில் மண்டபத்தில் சோறு. பூட்டிய உரையாடலுக்குள் ஓடும் குரலை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. அக்கா எக்ஸில் ஒரு பதிவும் போட்டதில்லை. அந்த இரவில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, மொத்தம் 31.