ஜன்னல்ல ஜரிகை எப்படித் தெரியும்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல தங்கச்சி வீட்டுக்கு ஸ்கிரீன் துணி பார்த்தோம்.
மெல்லிசு ஆர்கன்சா, ஜரிகையில மாங்கா புட்டா.

கடைக்காரத் தம்பி ஜன்னல் போட்டோவுல துணியைப் பொருத்தி மானிட்டர்ல காட்டினார்.
அழகுதான். ஆனா ஒரு வரிசைக்கு நாலே புட்டா!

ஜன்னல் அகலம் 5 அடி. மெல்லிசுத் துணி கொசுவம் கொசுவமா விழணும்னா ரெண்டு மடங்காவது வேணும், அதாவது 10 அடி.
8 அங்குலத்துக்கு ஒரு புட்டான்னா வரிசைக்கு 15 வரணும். அதுலயும் நிறைய மடிப்புக்குள்ள போயிடும்.
"தம்பி, புட்டாவை எண்ணிப் பாருங்க"ன்னேன்.
துணி மேல ஸ்கேல் வெச்சு மறுபடி படம் எடுத்து, அளவைச் சரிபண்ணி, கொசுவத்தோட போட்டார். புட்டா பாதியா சின்னதாகி, வேற துணி மாதிரி ஆயிடுச்சு.

ஆனா வெளிச்சத்தை அந்தப் படம் காட்டவே இல்ல.
கடையில விளக்கு நம்ம பக்கம் இருக்கு, ஜரிகை மின்னுது. ஜன்னல்ல பகல் வெளிச்சம் துணிக்குப் பின்னாடியிருந்து வரும். ஆர்கன்சா அதை வடிகட்டி உள்ள விடும், ஜரிகை விடாது.
வாசலுக்கு எடுத்துட்டுப்போய் வெயிலுக்கு நேரா பிடிச்சோம். தங்கப் புட்டா அத்தனையும் கருநிழல்! மடிப்பு விழுந்த இடத்துல மட்டும் நிறம் இன்னும் அழுத்தமா இருந்துச்சு.
ராத்திரி உள்ள லைட் போட்டா ஜரிகை மறுபடி மின்னும். ஆனா தெருவுல போறவங்களுக்கு வீடும் தெரியும்.

வெள்ளை நூல் புட்டான்னா நிழல் கொஞ்சம் மென்மையா இருக்கும்.
தங்கச்சிக்கு ஜரிகை மேலதான் ஆசை.
நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?