செம்பாட்டு மண்ணில் ஒரு முந்திரிகைப் பந்தல்

உரும்பிராய்ப் பக்கம் தோட்டங்களுக்குள் இறங்கினால் செருப்பெல்லாம் செம்பாடாகிவிடும். மரவள்ளி, வெங்காயம், புகையிலை ஆகியவற்றுக்கு நடுவே கொங்கிறீட் தூண்களில் கம்பி இழுத்த பந்தல்கள் தெரிகின்றன. யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்று சொல்லும் திராட்சை அவற்றில் படர்ந்திருக்கிறது. பந்தலின் கீழ் நின்ற தோட்டக்காரரிடம், இந்த மண்ணின் சுவை பழத்தில் தெரியுமா என்று கேட்டேன்.

"மண்ணை விடுங்கோ தம்பி. எப்ப வெட்டுறம் எண்டதிலதான் எல்லாம் இருக்கு" என்றார்.

வைன் உலகம் 'தெருவார்' என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் பெரிதாகப் பேசும். ஒரு கொடி நிற்கும் மண், நிலத்தின் சரிவு, அதன்மேல் விழும் வெயில், வீசும் காற்று எல்லாம் சேர்ந்து அந்தப் பழத்துக்கும் அதிலிருந்து வரும் வைனுக்கும் கொடுக்கும் குணம் அது. இதை வலிகாமத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பொருந்துகிறது, ஒன்று இல்லவே இல்லை, மற்றொன்று அளவுக்கு மீறி இருக்கிறது.

பொருந்துவது மண். இங்கே சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண் படிந்திருக்கிறது. தென் அவுஸ்திரேலியாவில் கூனவாறா என்ற புகழ்பெற்ற வைன் பிரதேசமும் சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண் படிந்த ஒடுங்கிய நிலத்துண்டுதான். செம்மண்ணில் நீர் தேங்காது, வேர் அழுகாது. கொடி தண்ணீர் தேடிக் கல்லின் வெடிப்புகளுக்குள் வேரை விடும். மண்ணிலுள்ள கனிமம் அப்படியே பழத்துக்குள் ஏறிச் சுவையாகிறது என்று பலர் சொல்வதை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. மண் முதன்மையாகச் செய்வது கொடிக்குக் கிடைக்கும் தண்ணீரை அளந்து கொடுப்பது. யாழ்ப்பாணத்தில் அந்த அளவையும் கிணற்று மோட்டரே கொடுக்கிறது. அதிகம் இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். இலையின் ஓரம் கருகும். நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளித்தால் உவரைக் குறை சொல்ல வேண்டாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போவதன் அடையாளம் அது.

இல்லாதது சரிவு. ஜேர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் நிமிர்ந்து நிற்கவே சிரமமான மலைச்சரிவுகளில் கொடி நடுவார்கள். ஏறத்தாழ 50 பாகை வடக்கே சூரியன் தாழ்வாகவே போகும். தெற்கு நோக்கிச் சரிந்த நிலம்தான் அந்த ஒளியை ஓரளவு நேராக வாங்கும். குளிர்காற்றும் கீழே வழிந்து போய்விடும். யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் உள்ளே கிடக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இங்கே சரிவு இருந்திருந்தாலும் வெயிலுக்காக அதைத் தேடவேண்டியதில்லை. வெயிலை மட்டுப்படுத்தவே பந்தல். குலைகள் இலை நிழலில் தொங்குகின்றன.

அதிகம் இருப்பது சூடு, அதிலும் இரவுச் சூடு. பழம் கனியும்போது சர்க்கரை ஏறும், புளிப்பு குறையும். பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசித்து எரிக்கிறது. இரவு குளிர்ந்தால் அது மெதுவாக நடக்கும், கூனவாறாவில் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கோடை இரவில் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. அதனால் இனிப்பு முற்றுமுன்பே புளிப்பு கரைந்துவிடுகிறது. புளிப்பு குறைந்த சாற்றில் கெடுக்கும் நுண்ணுயிர் எளிதில் பிடிக்கும், நிறமும் நிலைக்காது.

பழச்சாற்றில் 100 கிராமுக்கு 17 கிராம் சர்க்கரை என்று வைப்போம். ஈஸ்ட் அதைப் புளிக்கவைத்தால் ஏறத்தாழ 9 சதவீத அல்ககோல்தான் வரும். 12 சதவீதத்துக்குக் குறைந்தது 21 கிராமாவது வேண்டும். தோட்டக்காரர் அதுவரை காத்திருந்தால் புளிப்பு போய்விடும், அல்லது கிளியும் மழையும் முந்திவிடும். இப்படிப்பட்ட பழத்தில் வைன் செய்பவர் சீனி சேர்ப்பதும் இனிப்பு வைனாகவே விடுவதும் அதனால்தான்.

இனி, தோட்டக்காரர் சொன்ன வெட்டு. குளிர்நாட்டுக் கொடி மாரியில் இலை உதிர்த்து உறங்கும். இங்குள்ள கொடி உறங்காது. கத்தரித்தால்தான் புதுத்தளிரும் பூவும் வரும். வெட்டியதிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். ஐப்பசியில் வடகீழ் மழை தொடங்கிவிடும் என்பதால் கணக்கைப் பின்னோக்கிப் போடவேண்டும். வைகாசிக் கடைசியில் வெட்டினால் புரட்டாசியில் பழம் கைக்கு வரும். ஆடியில் வெட்டினால் கனியும் குலை மழையில் மாட்டும்: பழம் வெடிக்கும், இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படரும். பிரான்சில் சரிவும் குளிரும் செய்யும் வேலையில் பாதியை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது.

வடக்கே தோலகட்டியில் 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய றோசேரியன் துறவிகளின் வைனும் நெல்லிரசமும் யாழ்ப்பாண வீடுகளில் தெரிந்த பெயர்கள். அந்த வைனைப் பொர்தோவோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது நியாயமில்லாத ஒப்பீடு. சூடான இரவில் கனிந்த பழத்தில் புளிப்பைத் தேடினால் கிடைக்காது. அடுத்த முறை வாங்கினால் சற்றுக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். இனிப்பு அடங்கித் தெரியும்.