ஈரத்துணிக்குள் மல்லிகை

காலை ஏழு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மூட்டை அவிழ்த்துக் கொட்டப்படும் குண்டுமல்லியைக் கைநிறைய அள்ளி முகர்ந்து பார்த்தால், ஊர் பேர் கேட்டு அந்தப் பூவின்மேல் ஆசை கொண்டு வந்தவனுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். பச்சையும் வெண்மையும் கலந்த, முத்துப்போல் திரண்ட அந்த மொட்டுகளில் பரிமளம் என்று சொல்லத்தக்கது மிகவும் கொஞ்சம். திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் சூரியோதயத்துக்கு முன்பே பறிக்கப்பட்ட அந்த மொட்டு, செடியிலேயே இருந்திருந்தாலும் சரி, கூடையில் கிடந்தாலும் சரி, அன்று அந்தி சாயும்போதுதான் விரியும்; விரியும்போதுதான் மணத்தை உண்டாக்கி வெளியே விடும். மறுநாள் காலையில் இதழ் தளர்ந்து, பழுப்பேறி, மணமும் போய்விடும். ஆகவே மல்லிகைக்கு ஆயுசு என்பது ஒரு பகலும் ஓர் இரவும். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று ‘மதுரை மல்லி’ என்று சட்டபூர்வமாகப் பெயர் வாங்கிக்கொண்ட பூவுக்கும் இந்த நியதியிலிருந்து விலக்கு இல்லை.

பூவை வாடாமல் காப்பது என்று நாம் சொல்லும் காரியம், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கையில், மொட்டு விரியும் வேளையைத் தள்ளிப்போடும் காரியமாக இருக்கிறது. இதை நான் கண்டது சந்தையில் அல்ல. கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், ஒரு சந்துக்குள், நாலைந்து பெண்கள் தரையில் அமர்ந்து பூக்கட்டும் ஒரு வீட்டின் முன்கட்டில். மறுநாள் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். மணப்பெண்ணின் ஜடைக்கும் உறவுப் பெண்களுக்குமாகப் பல முழம் சரமும், ஒரு ஜோடி மாலையும் அங்கே தயாராகிக்கொண்டிருந்தன. முகூர்த்த நாள்களில் கிலோ விலை ஏறும் ஏற்றத்தையும், பனிக்காலத்தில் பூ வரத்துக் குறைந்து அது ஆயிரக்கணக்கில் போய் நிற்பதையும் நினைத்தால், அப்படி வாங்கிய பூவை ஓர் இரவில் இழந்துவிட யாருக்கும் மனம் வராது. அந்தப் பெண்களுக்குத் தலைமையாக இருந்த முதிய அம்மாள், சிறுமியாய் இருந்த நாள்முதல் நாரும் பூவுமாகவே வாழ்ந்தவர். கேள்வி கேட்கிறவனைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, பிறகு கையை நிறுத்தாமலே பதில் சொல்லும் சுபாவம் அவருக்கு.

சந்தையிலிருந்து பூ வந்து இறங்கியதும் அவர் முதலில் செய்தது, மூட்டைக்குள் முழங்கை வரையில் கையை விட்டுப் பார்த்ததுதான். “நடுவுல சூடா இருக்கா பாருங்கய்யா” என்று என்னையும் கையை உள்ளே விடச் சொன்னார். வெளிப்புறம் குளிர்ந்திருந்த அந்த மூட்டையின் நடுப்பாகம் நிஜமாகவே வெதுவெதுப்பாக இருந்தது. பறித்த பிறகும் மொட்டு சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சுவாசத்தில் பிறக்கும் உஷ்ணம், நெருக்கி அடைத்த மூட்டைக்குள் வெளியேற வழியின்றிச் சேர்ந்துகொள்கிறது. அந்த உஷ்ணமே மொட்டின் சுவாசத்தை இன்னும் துரிதப்படுத்தி, சாயங்காலம் விரிய வேண்டியதை மத்தியானத்திலேயே வாய் திறக்கச் செய்துவிடுகிறது. எனவே ஈரத்துணியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல், முதல் வேலையாக மூட்டையைக் கொட்டி, நிழலில் விரித்த ஈரச்சாக்கின்மேல் மெல்லிய படுகையாகப் பரப்பி ஆறவிட்டார்கள். இதைச் செய்யாமல் நேரே பெட்டிக்குள் வைக்கிறவர்களுக்குப் பூ புளித்த வாசனையோடுதான் திரும்பக் கிடைக்கும் என்பது அந்த அம்மாளின் கணிப்பு.

ரோஜாவையும் சம்பங்கியையும் காம்போடு நறுக்கித் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். அவை காம்பின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகையைப் பறிக்கும்போது நமக்குக் கிடைப்பதோ மொட்டும் அதன் கீழே சின்னஞ்சிறு காம்பும் மட்டுமே. இழந்த நீரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் சக்தி அதற்கு ஏறக்குறைய இல்லை. ஆதலால் அதற்கு நீர் ஊட்டுவதல்ல, அதனிடம் உள்ள நீர் போகாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யக்கூடியது. ஈரத்துணியின் வேலை இவ்வளவுதான்: பூவைச் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைத்தால், இதழிலிருந்து நீர் ஆவியாகிப் போவது குறையும், துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது உள்ளே கொஞ்சம் குளிர்ச்சியும் உண்டாகும்.

நாரும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. காய்ந்த வாழைநாரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லியதாகக் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு மொட்டும் அந்தப் பக்கம் இரண்டு மொட்டுமாகக் காம்புகளை எதிரெதிராகப் பொருத்தி முடிச்சிட்டுக்கொண்டே போகிறார்கள். நூலில் கட்டினால் வேகமாகக் கட்டலாம் என்பது வாஸ்தவம்; ஆனால் நூல் காம்பை அறுக்கும், நாரோ ஊறிய ஈரத்தைக் காம்பின் அடியிலேயே வைத்துக்கொண்டு பட்டும்படாமலும் பிடிக்கும். விரல் அழுந்திய இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும் என்பதால், தேர்ந்த கை மொட்டின் இதழைத் தொடுவதே இல்லை.

சரம் கட்டி முடிந்தபோது பிற்பகல் இரண்டு மணி. இனி மறுநாள் ஆறு மணி வரையில், பதினாறு மணி நேரம் அதைக் காக்க வேண்டும். அம்மாள் எடுத்த துணி, பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியின் துண்டு. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், நீரைச் சரியாக வாங்காது. சோப்பு வாடை போகாத துணியோ தன் வாடையைப் பூவுக்குக் கொடுத்துவிடும். அதை நனைத்து, முறுக்கிப் பிழிந்து, உதறி, மறுபடியும் பிழிந்தார். பிறகு ஒரு பிடி துணியைக் கைக்குள் வைத்து இறுக்கிக் காட்டினார். ஒரு சொட்டு நீரும் விழவில்லை, ஆனால் உள்ளங்கையில் குளிர்ச்சி தெரிந்தது. “ஈரம் துணியில இருக்கணும், பூவுல இருக்கப்படாது” என்றார்.

வீட்டுப் பெண்களும், ஏன், சில கடைக்காரர்களும் தவறும் இடம் இதுதான். வாங்குகிறவர் கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியட்டும் என்று சரத்தின்மேல் கைகையாக நீர் தெளிப்பதை நாம் தினமும் தெருவில் பார்க்கிறோம். திறந்த தட்டில் காற்றுப் படும்படி இருக்கும்வரை அந்த நீர் ஆவியாகிப் போய்விடுவதால் தீங்கு அதிகமில்லை. அதே சரத்தை வாங்கிக்கொண்டுபோய்ப் பொட்டலமாகச் சுருட்டி மூடினாலோ, இதழ்களுக்கிடையே நின்ற நீர் போக வழியின்றி, முதலில் இதழைக் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும்படி ஆக்கி, பிறகு அதே இடத்தைப் பழுப்பாக்கி அழுகச் செய்யும். தெளித்த பூ புதிய பூ என்று நம்புவது நம் ஜனங்களுக்கு ஏற்பட்டுவிட்ட ஒரு மூடநம்பிக்கை என்றே நான் சொல்வேன்.

நனைத்த மூங்கில் கூடையில் வாழையிலையைப் பரப்பி, அதன்மேல் பிழிந்த துணியை விரித்து, சரத்தை நெருக்காமல் வளையம் வளையமாகச் சுற்றிவைத்து, துணியின் மறுபாதியால் மூடி, இருட்டான உள்ளறையில் தரையோடு வைத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மேல்துணியை மட்டும் எடுத்து, மறுபடி நனைத்துப் பிழிந்து போர்த்துவார்கள். துணியின்மேல் நீரை ஊற்றுவது கிடையாது. மாலைகளைத் தொங்கவிடாமல், மடிக்காமல், அகன்ற தட்டில் வட்டமாகக் கிடத்தி, அதேபோல் மூடினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு. சித்திரை, வைகாசியின் வறண்ட வெயிலில் துணியிலிருந்து நீர் நன்றாக ஆவியாகிறது, ஆகவே கூடைக்குள் குளிர்ச்சியும் நன்றாக இருக்கிறது. ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது துணி காய்வதும் இல்லை, குளிர்வதும் இல்லை, பூசணம் பிடிப்பதற்குத்தான் உதவுகிறது. நல்ல வெயில் காலத்திலும்கூட, ஆறேழு மணிக்கு விரிய வேண்டிய மொட்டை ஒன்பது, பத்து வரைக்கும் தள்ளலாமே தவிர, விடியும்வரை தள்ள முடியாது. அதற்கு நிஜமான குளிர் வேண்டும்.

அந்தி வேளையில், மொட்டின் நுனி இளகி வாய் திறப்பதற்கு முன்னால், கூடையிலிருந்து சரம் குளிர்பதனப் பெட்டிக்கு மாறியது. திறந்தபின் குளிரில் வைப்பதில் பயனில்லை என்பதை அங்கே எல்லோரும் அறிவார்கள். விரிந்த பூவைக் குளிர் மறுபடி மொட்டாக்காது. ஃப்ரிட்ஜின் உள்ளே வீசும் குளிர்காற்று வறண்டது. ஆகவே துணிக்குமேல் வாழையிலையும், அதற்குமேல் வாய் இறுகக் கட்டாத பாலிதீன் பையுமாகப் போர்த்தி, காய்கறி வைக்கும் அடித்தட்டில் வைத்தார்கள். அந்தத் தட்டில் முன்பே இருந்த வாழைப்பழச் சீப்பை அம்மாள் வெளியே எடுத்துப்போட்டார். பழுக்கும் பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்ற வாயு பூவைச் சீக்கிரம் மூப்படையச் செய்யும் என்று தாவர சாஸ்திரம் சொல்வதை அவர் படித்தவரல்லர். “பழத்தோட வச்சா பூ கருத்துரும்” என்ற அனுபவம் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வெண்ணெயையும் பாலையும் அவர் மூடிவைக்கச் சொன்னது பூவின் நன்மைக்காக அல்ல. மல்லிகை மணம் ஏறிய காபியை அந்த வீட்டில் யாரும் விரும்புவதில்லை.

கடைக்குப் பூவைச் சுமந்துபோகும் இளைஞர், தெர்மாக்கோல் பெட்டிக்குள் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்து, அதற்குமேல் அட்டை போட்டு, பிறகே பூவை வைத்தார். காகிதம் எதற்கு என்று கேட்டதற்கு, முன்பொரு தரம் ஐஸில் நேராக உரசிக் கிடந்து வீணாகிப்போன ஒரு முழச் சரத்தின் கதையைச் சொன்னார்: எடுக்கும்போது கண்ணாடி மணிபோல் அழகாக இருந்ததாம், கால்மணி நேரத்தில் நனைந்த காகிதமாகத் துவண்டுவிட்டதாம். வெப்ப நாட்டுப் பூவுக்குக் குளிர் மருந்தைப்போல் அளவோடு வேண்டியிருக்கிறது. ஓர் இரவுக்குமேல் குளிரில் கிடந்த மொட்டு நுனி கருத்து, வெளியே எடுத்தபின்னும் விரியாமலே வாடுகிறது, விரியாததால் மணப்பதும் இல்லை. “ஒரு ராத்திரி தாங்கும், ரெண்டாவது ராத்திரிக்குப் பூ இருக்கும், வாசம் இருக்காது” என்பது அம்மாளின் தீர்ப்பு.

விடியற்காலை நான்கு மணிக்குக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்கள். ஆனால் அரைமணி நேரம் அவிழ்க்கவில்லை. குளிர்ந்த பொருளின்மேல் வெளிக்காற்றின் ஈரம் பனியாகப் படியும்; அந்தப் பனி பாலிதீனின்மேல் படியட்டும், இதழின்மேல் வேண்டாம் என்பது அதன் தாத்பரியம். பிறகு சரத்தை வெளியே எடுத்து, ஈரமில்லாத வாழையிலையில் பரப்பினார்கள். அறையின் சூடு ஏற ஏற, ஐந்தரை மணிக்குள் மொட்டுகளில் பாதி இதழ் விட்டன. முந்தின நாள் காலையில் நான் சந்தையில் தேடிக் காணாத பரிமளம் அந்த முன்கட்டு முழுவதையும் நிறைத்தது. தோட்டத்தில் அந்தியில் விரியும் பூவின் முழு மணம் அதற்கு இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். சற்றுக் குறைவுதான், ஆனால் மண்டபத்தில் அதைக் குறை சொல்ல ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

வீட்டுக்குப் பூ வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்று இரவு சூடுவதற்கானால் ஃப்ரிட்ஜ் வேண்டியதில்லை, சொட்டாத ஈரத்துணி ஒன்றே போதும், நாளைக் காலைப் பூஜைக்கானால் மாலையில் விரிந்த சரத்தை வாங்காமல், பிற்பகலிலேயே நாரில் கட்டிய, நீர் தெளிக்காத மொட்டாகக் கேட்டு வாங்கி, பழங்களுக்கு எட்டாத அடித்தட்டில் வையுங்கள்.