மலையேறும் முன் கடிகாரத்தைச் சரி பாருங்க

கினபாலு மலைக்குப் போகிறவங்களுக்கு என் அனுபவம்.

போன தடவை வேனுக்குள்ளேயே உட்கார்ந்து கடிகாரத்தின் திசைகாட்டியைச் சரி செய்தேன். இறங்கி நடந்தா, சூரியன் உதிக்கிற பக்கத்தையே வடக்குன்னு காட்டுது! வேனின் இரும்புதான் காரணம். வண்டி, இரும்புவேலி பக்கம் நிற்காம, கைப்பேசியையும் பையோடு கீழே வைத்துவிட்டு, கடிகாரத்தைக் காற்றில் 8 போடுற மாதிரி மெதுவாகச் சுழற்றணும். பிறகு சூரியன் உதிக்கிற பக்கம் கிழக்கைக் காட்டுதான்னு பாருங்க.

அடுத்தது உயரம். கடிகாரம் காற்றழுத்தத்தை வைத்துத்தான் அதைக் கணக்குப் போடுது. அதனால திம்போஹோன் வாசலில் ஏறும் முன் 1,866 மீட்டர்னு நாமே பதியணும். பானலாபானில், 3,272 மீட்டரில், தூங்கப் போனேன். அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்தா 3,290 காட்டுது. நான் கட்டிலை விட்டு நகரவே இல்லை! ராத்திரி காற்றழுத்தம் குறைஞ்சா, நாம மேலே ஏறிட்டதா கடிகாரம் நினைச்சுக்குது. திருத்தாம கிளம்பினா, 4,095 மீட்டர் உச்சிக்கு இன்னும் 18 மீட்டர் இருக்கும்போதே வந்தாச்சுன்னு காட்டும். இருட்டில், மூச்சு வாங்கும் நேரத்தில், அது பெரிய ஏமாற்றம். தங்குமிடத்தை விட்டுக் கிளம்பும் முன் மறுபடி 3,272 பதிஞ்சுக்குங்க.